யோசித்துச் சொல்லும் ஏ.ஐ.: எங்கே காத்திருப்பது லாபம்?

2024 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனம் o1-preview என்ற மாடலை வெளியிட்டது. கேள்வி கேட்டதும் அது பதில் சொல்லிவிடவில்லை. சில நொடிகளோ, சில சமயம் ஒரு நிமிடத்துக்கு மேலோ எடுத்துக்கொண்டு தனக்குள் படிப்படியாக வேலை செய்து பார்த்துவிட்டு, அதன் பிறகே விடை தந்தது. 2025 ஜனவரியில் சீனாவின் டீப்சீக் நிறுவனம் அதே வகையில் R1 மாடலை வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் இறக்கிப் பயன்படுத்தும்படி திறந்துவிட்டது. அதன் பிறகு வந்த பெரிய மாடல்கள் பலவற்றில் யோசிக்கும் வசதி ஒரு சுவிட்ச்போல அமைந்துவிட்டது. வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம், வேண்டாமென்றால் அணைத்துவிடலாம்.

யோசிப்பதற்கு நேரமும் ஆகும், பணமும் ஆகும். அதனால் எந்த வேலைக்கு இதைப் போடுவது, எந்த வேலைக்குச் சாதாரண மாடலே போதும் என்ற கேள்வி, இவற்றை அலுவலகத்திலோ தொழிலிலோ பயன்படுத்தும் எல்லோருக்கும் வருகிறது. விடை காண, யோசனை என்ற பெயரில் மாடலுக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

யோசனை என்பது என்ன?

மொழி மாடல் எழுத்தைத் துண்டு துண்டாக எழுதுகிறது. அந்தத் துண்டுக்கு டோக்கன் என்று பெயர். ஒரு டோக்கன் ஒரு முழுச் சொல்லாகவும் இருக்கலாம், சொல்லின் ஒரு பகுதியாகவும் இருக்கலாம். அதுவரை எழுதிய அனைத்தையும் பார்த்து அடுத்த டோக்கன் எது என்று கணிப்பதுதான் மாடலின் வேலை. ஒவ்வொரு டோக்கனுக்கும் அது செய்யும் கணக்கின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். கேள்வி கடினமானது என்பதற்காக ஒரே டோக்கனில் அதிகம் உழைக்க அதற்கு வழியில்லை. கூடுதலாக உழைக்க வேண்டுமானால் கூடுதலான டோக்கன்களை எழுதியாக வேண்டும். இடையில் எழுதிவைத்த விவரங்கள் அடுத்த அடிக்குக் கைகொடுக்கும்.

கணக்குக் கேள்விகளுக்குப் படிகளை எழுதிக்காட்டச் சொன்னால் சாதாரண மாடலும் கூடுதலாகச் சரியாகச் செய்கிறது என்பதை கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2022-லேயே காட்டியிருந்தார்கள். யோசிக்கும் மாடல் அதற்கு அடுத்த கட்டம். சரி, தவறு என்று திட்டவட்டமாகச் சொல்லக்கூடிய கணக்குகளையும் நிரல் எழுதும் வேலைகளையும் ஏராளமாகக் கொடுத்து, விடை சரியானால் பாராட்டு, தவறானால் இல்லை என்ற முறையில் அதைப் பழக்குகிறார்கள். இந்தப் பழக்கத்தில் மாடல் தானாகவே நீளமாக எழுதக் கற்றுக்கொள்கிறது. போட்ட வழி சரிவராவிட்டால் திரும்பிவந்து வேறு வழி பார்க்கிறது, கிடைத்த விடையைச் சரிபார்க்கிறது. டீப்சீக் வெளியிட்ட ஆய்வறிக்கையில், R1-Zero என்ற அவர்களது மாடல் அமெரிக்காவின் ஏ.ஐ.எம்.இ. 2024 கணிதத் தேர்வில் பயிற்சியின் தொடக்கத்தில் 15.6 சதவீதம் சரியாகச் செய்தது. பயிற்சியின் முடிவில் அது 71 சதவீதமாக உயர்ந்தது. அதே காலத்தில் அது எழுதிய விடைகளின் நீளமும் கூடிக்கொண்டே போனது.

இந்த மாடல்கள் எங்கே பலம் காட்டும் என்பதற்கான முதல் குறிப்பு இங்கேயே கிடைக்கிறது. பல படிகள் உள்ள, இடையில் தவறினால் விடையே மாறிப்போகிற, முடிவில் சரியா தவறா என்று சோதித்துவிடக்கூடிய வேலைகளில்தான் அவை பழகியிருக்கின்றன.

ஒரு கால அட்டவணை

ஒரு சிறிய கணக்கில் இந்த வேறுபாட்டை நேரில் பார்க்கலாம். ஓர் அலுவலகத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் பயிற்சி வகுப்பு. நாளுக்கு ஒருவராக கமலா, சலீம், ரவி, மேரி, பாலு ஆகிய ஐந்து பேர் பாடம் எடுக்க வேண்டும். கமலாவால் திங்களன்றோ வெள்ளியன்றோதான் வர முடியும். ரவியின் வகுப்புக்கு மறுநாளே மேரியின் வகுப்பு நடக்க வேண்டும். சலீமின் வகுப்பு ரவிக்கு முன்னால் வர வேண்டும். சலீமுக்குத் திங்கள் ஒத்துவராது. பாலுவுக்கு வெள்ளி ஒத்துவராது. மேரிக்கும் வெள்ளி ஒத்துவராது.

எடுத்த எடுப்பில் விடையை எழுத ஆரம்பிக்கும் மாடல் திங்களிலிருந்து தொடங்கும். திங்களுக்குப் பொருந்துபவர் கமலா என்று முதல் நிபந்தனையே சொல்வதுபோலத் தெரிகிறது. கமலாவைத் திங்களில் போட்டால் செவ்வாய் சலீம், புதன் ரவி, வியாழன் மேரி என்று எல்லாம் அழகாகப் பொருந்திவரும். கடைசியில் மிஞ்சுவது பாலு, மிஞ்சிய நாள் வெள்ளி. அதுதான் அவருக்கு ஒத்துவராத நாள். ஆனால் அதற்குள் நான்கு நாட்கள் எழுதி முடிந்துவிட்டன. எழுதியதை அழிக்க மாடலுக்கு வழியில்லை. அதனால் பாலுவை வெள்ளியில் போட்டுவிட்டு, எல்லா நிபந்தனைகளும் நிறைவேறிவிட்டன என்று உறுதியாகச் சொல்லி முடிக்கும் ஆபத்து உண்டு. பிழையான விடையும் சரியான விடையைப் போலவே சுத்தமாக, ஐந்து வரியில், பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும்.

யோசிக்கும் மாடலும் கமலாவைத் திங்களில் போட்டே தொடங்கலாம். பாலுவிடம் வந்து முட்டிக்கொண்டதும் பின்வாங்கும். வெள்ளியன்று யாரால் முடியும் என்று தொடங்கிப் பார்த்தால், பாலுவும் மேரியும் முடியாது. ரவிக்கு மறுநாள் மேரி வர வேண்டும், ஆகவே ரவியும் முடியாது. சலீம் ரவிக்கு முன்னால் வர வேண்டும், ஆகவே அவரும் முடியாது. மிஞ்சுபவர் கமலா மட்டும். இனி திங்கள்: சலீம் முடியாது, அவருக்குப் பின்னால் வரும் ரவியும் முடியாது, ரவிக்குப் பின்னால் வரும் மேரியும் முடியாது. ஆகவே பாலு. அப்புறம் செவ்வாய் சலீம், புதன் ரவி, வியாழன் மேரி. ஆறு நிபந்தனைகளுக்கும் இந்த ஒரே விடைதான் பொருந்தும்.

இவ்வளவு சின்ன கணக்கை இன்றைய நல்ல சாதாரண மாடல், படிகளை எழுதச் சொன்னால், சரியாகச் செய்துவிட வாய்ப்பு அதிகம். ஐந்து பேர் இருபது பேராகி, நிபந்தனைகள் நாற்பதாகும்போதுதான் இடைவெளி பெரிதாகிறது. ஓப்பன்ஏஐ வெளியிட்ட எண்களில் இது தெரிகிறது. ஏ.ஐ.எம்.இ. 2024 தேர்வில் அவர்களது சாதாரண மாடலான GPT-4o சராசரியாக 12 சதவீதக் கேள்விகளைத்தான் சரியாகச் செய்தது. o1 ஒரே முயற்சியில் 74 சதவீதம் சரியாகச் செய்தது.

கட்டணமும் காத்திருப்பும்

நிறுவனங்கள் டோக்கன் கணக்கில் கட்டணம் வாங்குகின்றன. கேள்வியாகப் போகும் டோக்கனுக்கு ஒரு விலை, விடையாக வரும் டோக்கனுக்கு அதைவிடக் கூடுதலான விலை. யோசனையாக எழுதப்படும் டோக்கன்கள் பயனாளியின் திரைக்கு வராவிட்டாலும் விடையின் கணக்கிலேயே சேர்க்கப்படுகின்றன. பில் எதிர்பாராமல் எகிறுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

2024 இறுதியில் நிரலாளர்களுக்கான விலையை வைத்து ஒரு கணக்குப் போடலாம். GPT-4o-க்குப் பத்து லட்சம் கேள்வி டோக்கனுக்கு 2.50 டாலர், விடை டோக்கனுக்கு 10 டாலர். o1-க்கு முறையே 15 டாலர், 60 டாலர். கேள்வி 200 டோக்கன், விடை 100 டோக்கன் என்று கொள்வோம். GPT-4o-இல் ஒரு கேள்விக்கு ஆகும் செலவு 0.0015 டாலர். o1 அதே விடைக்கு முன்னால் 3,000 டோக்கன் யோசித்தால் செலவு 0.189 டாலர். ஆயிரம் கேள்விக்கு ஒன்று ஒன்றரை டாலர், மற்றது 189 டாலர். வேறுபாடு 126 மடங்கு.

அதன் பிறகு விலைகள் இறங்கிவிட்டன. ஒரே மாடலில் யோசனையைப் போடவும் அணைக்கவும் முடிகிறபோது டோக்கன் விலை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. ஆனாலும் டோக்கன் எண்ணிக்கை குறைவதில்லை. மேலே சொன்ன கணக்கையே GPT-4o விலையில் போட்டால்கூட, யோசனையோடு வரும் விடைக்கு 21 மடங்கு செலவாகும்.

நேரமும் அப்படித்தான். நொடிக்கு 50 டோக்கன் எழுதும் மாடல் 100 டோக்கன் விடையை 2 நொடியில் முடித்துவிடும். முன்னால் 3,000 டோக்கன் யோசித்தால் விடை முழுதாகக் கைக்கு வர 62 நொடி ஆகும். இரவில் ஓடவிட்டுக் காலையில் பார்க்கும் வேலைக்கு இது ஒரு பொருட்டில்லை. தொலைபேசியில் ஒருவர் காத்திருக்கும்போது ஒரு நிமிட மௌனம் என்பது அழைப்பே துண்டிக்கப்படும் அளவுக்கு நீளமானது.

விலை தகுமா என்று பார்க்கும் வழி

கூடுதல் செலவை நேரடியாகப் பார்த்து முடிவு எடுக்கக் கூடாது. ஒரு பிழையைத் தவிர்க்க எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்பதே சரியான அளவுகோல்.

முன்பு போட்ட கணக்கில் யோசனைக்கான கூடுதல் செலவு கேள்விக்கு 0.1875 டாலர், நூறு கேள்விக்கு 18.75 டாலர். அட்டவணை போடுவதுபோன்ற ஒரு வேலையில் சாதாரண மாடல் நூற்றுக்கு 30 தடவையும் யோசிக்கும் மாடல் 5 தடவையும் தவறுகிறது என்று கொள்வோம். நூறில் 25 பிழைகள் தவிர்கின்றன. ஒரு பிழையைத் தவிர்க்க ஆகும் செலவு 75 சென்ட். தவறான அட்டவணையைத் திருத்த ஓர் ஊழியருக்கு அரைமணி நேரம் போகுமானால் இது மலிவான பேரம்.

அதே அலுவலகத்தில் வரும் மின்னஞ்சல்களைப் புகார், விசாரணை, பாராட்டு என்று பிரிக்கும் வேலை இருக்கிறது. அதில் சாதாரண மாடல் நூற்றுக்கு 4 தடவையும் யோசிக்கும் மாடல் 3 தடவையும் தவறினால், தவிர்க்கப்படும் பிழை ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்கு விலை 18.75 டாலர். தவறான பெட்டியில் விழுந்த மின்னஞ்சலை எடுத்துச் சரியான பெட்டியில் போட ஒரு நொடிதான் ஆகும். இங்கே யோசனைக்குக் கொடுக்கும் பணம் வீண்.

இந்தப் பிழை விகிதங்கள் எடுத்துக்காட்டுக்காகப் போட்டவை. உண்மையான விகிதத்தை ஒவ்வொருவரும் தம் வேலையை வைத்தே அளந்துகொள்ள வேண்டும். அது கடினமில்லை. முன்பு செய்து முடித்த, விடை தெரிந்த ஐம்பது கேள்விகளை எடுத்து இரண்டு வகையிலும் ஓடவிட்டு, பிழைகளையும் டோக்கன்களையும் நேரத்தையும் குறித்துக்கொண்டால் போதும். எளிதானவற்றை மட்டும் பொறுக்கிவிடாமல் அன்றாடம் வருவதைப்போலக் கலந்து எடுக்க வேண்டும். சாதாரண மாடலுக்கும் படிகளை எழுதச் சொல்லி ஒரு தடவை ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது. பல வேலைகளில் அதுவே போதுமானதாக இருக்கும்.

பிழை கண்ணில் படுமா என்பதும் கணக்கில் சேர வேண்டும். நிரலில் உள்ள தவறு ஓட்டிப் பார்த்ததும் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒப்பந்தத்தில் இரண்டு விதிகள் ஒன்றோடொன்று மோதுவதைக் கவனிக்காமல் விட்டால் அது மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் கிடக்கும். வெளியே தெரியாத பிழைக்கு விலை அதிகம். ஆகவே அங்கே யோசிக்கும் மாடலுக்கு முன்னுரிமை தரலாம்.

யோசனை உதவாத இடங்கள்

டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 2024-இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மாடலைப் படிப்படியாக எழுதவைப்பது கணிதத்திலும் தர்க்கக் குறியீட்டு வேலைகளிலும்தான் பெரிய பலன் தந்தது. பொது அறிவுக் கேள்விகள் உட்படப் பல துறைகள் கலந்த ஒரு தேர்வில், சமக்குறி இடம்பெற்ற கேள்விகளை விலக்கிவிட்டால், படிகளை எழுதியதற்கும் எழுதாததற்கும் ஏறக்குறைய வேறுபாடே இல்லை. அவர்கள் சோதித்தது சாதாரண மாடல்களைத்தான். ஆனாலும் யோசிக்கும் மாடல்களிடமும் இந்தப் போக்கு தெரிகிறது. o1-preview வெளியானபோது மனிதர்களிடம் இரண்டு விடைகளையும் காட்டிக் கேட்டதில், கணக்கிலும் நிரலிலும் அதையே விரும்பினார்கள், சில மொழிநடை சார்ந்த வேலைகளில் விரும்பவில்லை என்று ஓப்பன்ஏஐயே தெரிவித்தது. கடிதத்தின் தொனியை மென்மையாக்குவது, ஒரு பத்தியைச் சுருக்குவது, ஒரு கட்டுரைக்கு நல்ல தலைப்பு வைப்பது போன்றவற்றில் சரிபார்க்க ஒரே விடை இல்லை. பின்வாங்கித் திருத்துவதற்கும் அங்கே அதிகம் இல்லை.

தெரியாத தகவலையும் யோசனை உண்டாக்கித் தராது. ஓர் ஊரின் பள்ளி எந்த ஆண்டு தொடங்கப்பட்டது என்ற செய்தி மாடலுக்குள் இல்லையென்றால், எவ்வளவு நேரம் யோசித்தாலும் அது கிடைக்காது. நேர்மாறாக, நம்பும்படியான ஒரு ஆண்டைக் கட்டிச் சொல்லும் ஆபத்து கூடலாம். 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட அறிக்கையின்படி, பிரபலமானவர்களைப் பற்றிய கேள்விகள் அடங்கிய சோதனையில் o1 இல்லாததைச் சொன்னது 16 சதவீதம். அதைவிடப் புதிய o3 அப்படிச் சொன்னது 33 சதவீதம். புதிய மாடல் கூடுதலான செய்திகளைச் சொன்னதால் சரியானவையும் கூடின, தவறானவையும் கூடின. இப்படிப்பட்ட கேள்விக்கு வேண்டியது தேடும் வசதியும் ஆதாரமான ஆவணமும்தான்.

எளிய கேள்விக்கு அதிகம் யோசிப்பதும் சிக்கலே. இரண்டும் மூன்றும் கூட்டினால் என்ன என்று கேட்டாலும் சில மாடல்கள் நூற்றுக்கணக்கான டோக்கன்களைச் செலவழித்துத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கின்றன. பணம் போவதோடு, முதலில் பிடித்த சரியான விடையைச் சந்தேகப்பட்டு மாற்றிவிடவும் கூடும்.

மறு எல்லையில், மிகக் கடினமானதிலும் யோசனை தோற்கிறது. 2025 ஜூனில் ஆப்பிள் ஆய்வாளர்கள் ஹனோய் கோபுரம் உள்ளிட்ட புதிர்களில் சிக்கலைக் கூட்டிக்கொண்டே போய்ப் பார்த்தார்கள். எளிய நிலையில் சாதாரண மாடல் ஈடுகொடுத்தது அல்லது முந்தியது. நடு நிலையில் யோசிக்கும் மாடல் தெளிவாக வென்றது. அதற்கு மேலே இரண்டுமே விழுந்தன. சோதனையில் விடை மிக நீளமாகிப் போனதே விழுந்ததற்குக் காரணம் என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும், கூடுதல் பணம் பலன் தரும் இடம் நடுவில் உள்ள பகுதி என்பது பெரும்பாலும் பொருந்திவருகிறது. அதற்கு மேலே உள்ள பெரிய அட்டவணைகளுக்கு, மாடலிடம் விடையைக் கேட்பதற்குப் பதிலாக விடையைக் கண்டுபிடிக்கும் ஒரு நிரலை எழுதித் தரச் சொல்லி, அதை ஓடவிடுவதே நம்பகமானது.

நடைமுறையில்

பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் இரண்டையும் கலந்தே வைத்துக்கொள்கிறார்கள். எல்லாக் கேள்வியும் முதலில் சாதாரண மாடலுக்குப் போகும். விடை வந்ததும் ஒரு சோதனை நடக்கும். கால அட்டவணையானால் ஆறு நிபந்தனைகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கும் சிறு நிரல் போதும். பில் கணக்கானால் வரிகளைக் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிட்டால் போதும். சோதனையில் தேறாதது மட்டும் யோசிக்கும் மாடலுக்குப் போகும். நூற்றுக்கு 30 தேறவில்லையென்றால், செலவு முப்பதுக்குத்தான், நூற்றுக்கும் இல்லை. தேறாதவற்றைப் பிடிக்கும் சோதனை இல்லாத வேலைகளில் இந்த முறை செல்லாது. அங்கே கேள்வியின் வகையைப் பார்த்து முன்கூட்டியே பிரிக்க வேண்டும்.

யோசனைக்கு வரம்பு வைப்பதும் ஒரு வழி. சில மாடல்களில் யோசிக்க இத்தனை டோக்கன் என்று எல்லை போடலாம், வேறு சிலவற்றில் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று தேர்ந்தெடுக்கலாம். எடுத்துவைத்த ஐம்பது கேள்விகளையும் குறைந்த அளவிலிருந்து ஏற்றிக்கொண்டே போய், பிழைகள் குறைவது நின்றுபோகிற இடத்தில் நிறுத்திக்கொள்வது சிக்கனமான முறை.

மாடல் காட்டும் யோசனையைப் படித்துப் பார்த்து நம்பிக்கை வைப்பதில் மட்டும் கவனம் வேண்டும். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025-இல் செய்த ஆய்வில் கேள்வியோடு விடைக்கான ஒரு குறிப்பையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தக் குறிப்பை வைத்தே விடையை மாற்றிக்கொண்டபோதும், அவர்களது மாடல் சராசரியாக நூற்றுக்கு 25 தடவைதான் தன் யோசனையில் அதைச் சொன்னது. திரையில் ஓடும் வரிகள் விடை வந்த வழியை முழுதாகக் காட்டுபவை அல்ல. அவை நீளமாகவும் கவனமாகவும் தெரிவதாலேயே விடை சரியென்று ஆகிவிடாது. சரியா என்று தீர்மானிக்க நிபந்தனைகளை எடுத்து விடையோடு ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த ஒப்பீட்டைச் செய்ய முடிகிற வேலையில்தான் யோசிக்கும் மாடலுக்குக் கொடுத்த பணமும் நேரமும் வீணாகவில்லை என்பதை உறுதியாகச் சொல்ல முடியும்.